நாலாவது மணியில் கட்டி, காலையில் தண்ணீர்: இந்தக் குழாய் கோஆகுலேஸ் பாசிட்டிவா, நெகட்டிவா?

வளர்தட்டு (திங்கள், மாலை 6:10)

வணக்கம். ஒரு லேபில் பயிற்சியில் இருக்கிறேன். நுண்ணுயிரியல் பிரிவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு மாதிரி விஷயத்தில் மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொடையில் ஆழமான சீழ்க்கட்டி, அதைக் கீறி எடுத்த சீழ். பிளட் அகார் தட்டில் மறுநாள் ஒரே மாதிரியான காலனிகள் வந்தன. வெண்ணெய் தடவியது போல வழவழப்பு, லேசான மஞ்சள், ஒவ்வொன்றையும் சுற்றி இரத்தம் கரைந்த தெளிவான வளையம். கிராம் சாயத்தில் ஊதா உருண்டைகள் குலை குலையாக. பெராக்சைடு விட்டதும் நுரைத்தது. ஆக ஸ்டஃபைலோகாக்கஸ் என்பதில் சந்தேகமில்லை. அது பிளாஸ்மாவை உறைய வைக்கும் ஆரியஸா, தோலில் சும்மா குடியிருக்கும் அதன் சொந்தக்காரர்களில் ஒன்றா என்பதுதான் கேள்வி.

ஸ்லைட் கோஆகுலேஸ் செய்தவர் "நெகட்டிவ்" என்று எழுதியிருந்தார். டியூப் டெஸ்ட்டை நான் வைத்தேன். அரை மில்லி பிளாஸ்மா, அதில் ராத்திரி முழுக்க வளர்ந்த பிராத் 0.1 மில்லி, 37 டிகிரி வாட்டர் பாத். வைத்தது காலை 10:30. 11:30க்குப் பார்த்தேன், ஒன்றுமில்லை. 12:30க்கும் இல்லை. 2:30க்குக் குழாயைச் சாய்த்தபோது உள்ளே இருந்தது நகரவே இல்லை. ஜெல்லி மாதிரி அடியோடு ஒட்டி நின்றது, மேலே கொஞ்சம் நீர் மட்டும் ஓடியது. சீனியரிடம் சொன்னேன். "24 மணி நேர ரீடிங்தான் கணக்கு, திரும்ப உள்ளே வை" என்றார். வைத்தேன்.

இன்று காலை பார்த்தால் தண்ணீராக ஓடுகிறது. கட்டி இருந்த அடையாளமே இல்லை. ரெஜிஸ்டரில் "கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ், தோல் கலப்பாக இருக்கலாம்" என்று போட்டுவிட்டார்கள். நேற்று என் கண்ணால் பார்த்தது என்ன?

கிராம்பாசிட்டிவ் (திங்கள், மாலை 6:48)

எட்டு வருஷமாக பெஞ்சில் இருக்கிறேன் தங்கச்சி. உன் சீனியர் சொன்னது சரி. சில ஸ்ட்ரெய்ன் மெதுவாகத்தான் உறைய வைக்கும். நாலு மணி நேரத்துக்குள் வராதது மறுநாள் காலையில் வந்திருக்கும், அதற்காகத்தான் 24 மணி நேரம் வைக்கிறோம். கடைசியாகப் பார்ப்பதுதான் முடிவு.

நாலு மணியில் நீ பார்த்தது முழுக் கட்டியாக இருந்திருக்காது. பிராத் அடர்த்தியாக இருந்தால் அடியில் கெட்டியாகத் தங்கும், புதிதாக வருகிறவர்களுக்கு அது கட்டி போலத் தெரியும். ஸ்லைடும் நெகட்டிவ், டியூபும் நெகட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றனவே, இதில் குழப்பம் எங்கே?

பழைய மைக்ராஸ்கோப் (திங்கள், இரவு 8:05)

குழப்பம் இருக்கிறது. அந்தப் பெண் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

மெதுவாக உறைய வைக்கும் ஸ்ட்ரெய்ன்கள் உண்டு, அதற்காக மறுநாள் வரை வைக்கிறோம் என்பது உண்மை. அதனால் கடைசி ரீடிங் முந்தைய ரீடிங்கை அழித்துவிடும் என்று ஆகாது. நாலு மணிக்குள் எப்போது கட்டி வந்தாலும் அது பாசிட்டிவ். அதோடு அந்தக் குழாயின் வேலை முடிந்தது. நெகட்டிவாக இருக்கும் குழாய்க்குத்தான் மறுநாள் வரை அவகாசம் தர வேண்டும்.

கட்டி எங்கே போனது? ஆரியஸ் பல ஸ்ட்ரெய்ன்களில் ஸ்டஃபைலோகைனேஸ் என்று இன்னொரு பொருளையும் சுரக்கிறது. அது பிளாஸ்மாவில் இருக்கும் பிளாஸ்மினோஜனைத் தூண்டிவிடும், அதிலிருந்து வரும் பிளாஸ்மின் ஃபைப்ரின் வலையை அறுத்துவிடும். கட்டியைக் கட்டியதும் அதே கிருமி, கரைத்ததும் அதே கிருமி. 37 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டால் கரைக்கிற வேலைக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். காலையில் வந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும்.

அடியில் தங்கிய பிராத்தைக் கட்டி என்று நினைத்திருப்பாள் என்று சொல்வதும் பொருந்தவில்லை. தங்கிய படிவு குழாயைச் சாய்த்தால் புகை போல எழும்பிக் கலங்கும். அவள் சொன்னது சாய்த்தும் நகராத ஜெல்லி. இரண்டையும் ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

வளர்தட்டு, எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். பிளாஸ்மா எங்கிருந்து வந்தது, மனிதருடையதா முயலுடையதா, எந்த உறைவுத்தடுப்பி? ஸ்லைட் டெஸ்ட்டுக்குக் காலனியை எந்தத் தட்டிலிருந்து எடுத்தார்கள்? கன்ட்ரோல் குழாய்கள் கூட வைத்தீர்களா?

வாசல்திண்ணை (திங்கள், இரவு 8:40)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் லேப் ஆள் இல்லை. என் அம்மாவின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் "கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ்" என்று இருக்கிறது. அம்மா ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார். கோஆகுலேஸ் நெகட்டிவ் என்றால் இரத்தம் உறையும் சக்தி போய்விட்டது என்றுதானே பொருள்? மாத்திரையை நிறுத்த வேண்டுமா? நேற்றிலிருந்து தூக்கமில்லை.

ராத்திரி டூட்டி (திங்கள், இரவு 9:02)

ஐயா, முதலில் ஒன்று: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த வரி அம்மாவின் இரத்தத்தைப் பற்றியதே இல்லை. அம்மாவின் இரத்தம் வைத்த பாட்டிலில் ஒரு பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. அதைத் தனியே எடுத்து, வேறு எங்கிருந்தோ வந்த பிளாஸ்மாவில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்மாவை பாக்டீரியா உறைய வைக்கவில்லை. அதுதான் நெகட்டிவ். அம்மாவின் உடம்பில் இரத்தம் எப்படி உறைகிறது என்பதை அது சொல்லாது.

உறைய வைக்காத ஸ்டஃபைலோகாக்கஸ் எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. ஊசி குத்தும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் போய்விடுவது அடிக்கடி நடக்கும். எத்தனை பாட்டில் எடுத்தார்கள், எத்தனையில் வளர்ந்தது? அம்மாவுக்கு உள்ளே ஏதாவது குழாயோ செயற்கை வால்வோ வைத்திருக்கிறார்களா?

வாசல்திண்ணை (திங்கள், இரவு 9:20)

நான்கு பாட்டிலில் ஒன்று என்று சொன்னார்கள். கழுத்துப் பக்கம் டயாலிசிஸுக்கு ஒரு குழாய் இருக்கிறது. காய்ச்சல் இரண்டு நாளாக விட்டு விட்டு வருகிறது.

பழைய மைக்ராஸ்கோப் (திங்கள், இரவு 9:41)

நான்கில் ஒன்று என்றால் தோல் கலப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கழுத்தில் குழாயும் காய்ச்சலும் இருக்கும்போது அதை அப்படியே தள்ளிவிட முடியாது. தோலில் சாதுவாக இருக்கும் எபிடெர்மிடிஸ் பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் தொடாது. எந்தப் பாட்டில் எத்தனை மணி நேரத்தில் வளர்ந்தது, அது குழாயிலிருந்து எடுத்த இரத்தமா கையில் குத்தி எடுத்ததா, மறுபடி எடுக்கப் போகிறீர்களா என்று நாளைக் காலையே டாக்டரிடம் கேளுங்கள். இங்கிருந்து யாரும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

வளர்தட்டு (செவ்வாய், காலை 7:15)

மேடம், ராத்திரி உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு இன்று சீக்கிரமே வந்து விசாரித்தேன்.

பிளாஸ்மா இரத்த வங்கியில் காலாவதியான மனிதப் பிளாஸ்மா, சிட்ரேட் போட்டது. சிறு குப்பிகளில் பிரித்து உறைநிலையில் வைத்திருக்கிறார்கள். எப்போது பிரித்தது என்று குப்பியில் தேதி இல்லை. கன்ட்ரோல் குழாய் திங்கட்கிழமை மட்டும் வைப்பார்களாம். இந்த மாதிரிக்கு வைக்கவில்லை.

ஸ்லைட் பற்றித்தான் எனக்கே இப்போது தெரிந்தது. காலனியை மேனிடால் சால்ட் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சலைனில் கரைத்தபோதே திட்டுத் திட்டாக இருந்ததாம். பிளாஸ்மா விட்ட பக்கமும் விடாத பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் "வித்தியாசம் இல்லை, நெகட்டிவ்" என்று எழுதிவிட்டார்.

பழைய மைக்ராஸ்கோப் (செவ்வாய், காலை 8:30)

அப்படியென்றால் உன்னிடம் ஸ்லைட் முடிவு என்று ஒன்றே இல்லை. சலைனிலேயே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்லைடைப் படிக்கக் கூடாது. அது நெகட்டிவ் இல்லை, செல்லாதது. அதிக உப்புள்ள தட்டில் வளர்ந்த காலனி இப்படித் தானாகவே ஒட்டிக்கொள்வது தெரிந்த விஷயம். அதனால்தான் மேனிடால் சால்ட் தட்டிலிருந்து எடுத்து ஸ்லைட் செய்யக் கூடாது என்கிறோம். பிளட் அகாரிலிருந்தோ நியூட்ரியன்ட் அகாரிலிருந்தோ எடு. முதலில் ஒரு சொட்டு சலைனில் பால் போல ஒரே சீராகக் கரை. கரைந்து நிற்கிறதா என்று பார். பிறகு ஒரு லூப் பிளாஸ்மா விட்டுக் கலக்கு. 10 விநாடிக்குள் வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று பிரிய வேண்டும். அரை நிமிஷம் கழித்து வருவதைக் கணக்கில் எடுக்காதே.

கிராம்பாசிட்டிவ் தம்பி சொன்ன ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். ஸ்லைடும் டியூபும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன என்றார். இரண்டும் ஒரே பொருளைப் பார்ப்பதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம் இது.

ஸ்லைடில் நாம் பார்ப்பது கிருமியின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் கிளம்பிங் ஃபேக்டர். அது பிளாஸ்மாவில் உள்ள ஃபைப்ரினோஜனை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஃபைப்ரினோஜனை இரண்டு கிருமிகள் இரு பக்கமும் பிடித்தால் அவை சேர்ந்து திட்டாகின்றன. அங்கே எதுவும் உறைவதில்லை. அதனால்தான் விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

டியூபில் நாம் பார்ப்பது கிருமி வெளியே விடும் கோஆகுலேஸ். அது பிளாஸ்மாவின் புரோத்ராம்பினோடு போய்ச் சேரும். நம் உடம்பில் புரோத்ராம்பினை வெட்டித்தான் த்ராம்பின் ஆக்க வேண்டும், அதற்கு கால்சியமும் பல காரணிகளும் வரிசையாக வேண்டும். இந்தக் கோஆகுலேஸ் வெட்டுவதே இல்லை. சும்மா போய்ப் பொருந்தி, புரோத்ராம்பினின் வடிவத்தைத் திருப்பி வேலை செய்ய வைத்துவிடுகிறது. அந்த ஜோடி ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றுகிறது, குழாய் கட்டியாகிறது. கால்சியம் தேவையில்லாததால் கால்சியத்தை முழுக்கப் பிடித்து வைத்திருக்கும் ஈடிடிஏ பிளாஸ்மாவிலும் இது உறைய வைக்கும். நம் டெஸ்ட்டே அந்த ஒரு குறுக்கு வழியில்தான் நிற்கிறது.

சிட்ரேட் பிளாஸ்மாவில் வரும் தொல்லையும் இங்கிருந்துதான். எண்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் சிட்ரேட்டைத் தின்றுவிடும். பிடிபட்டிருந்த கால்சியம் வெளியே வந்து, பிளாஸ்மா தன் சொந்த வழியிலேயே உறைந்துவிடும். கோஆகுலேஸே இல்லாமல் பாசிட்டிவ். உன் தட்டு ஒரே காலனி, நுரைத்தும் இருக்கிறது, அதனால் உன் விஷயத்தில் அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் பிராத்தில் வேறு எதுவும் கலக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி? அந்த பிராத்திலிருந்து ஒரு கோடு பிளட் அகாரில் இழுத்துப் பார்.

முடிந்தால் ஈடிடிஏ போட்ட முயல் பிளாஸ்மாவில் திரும்ப வை. மனிதப் பிளாஸ்மா ஒவ்வொரு பையிலும் ஒவ்வொரு விதம். ஆரியஸ் நம் எல்லோரையும் ஏதோ ஒரு நாள் தொட்டுப் போன கிருமி, அதற்கு எதிரான பொருள் அந்தத் தானம் தந்தவரின் பிளாஸ்மாவிலேயே இருந்து டெஸ்ட்டை மந்தமாக்கலாம். உனக்குக் கட்டி வர நாலு மணி ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ராத்திரி டூட்டி (செவ்வாய், காலை 10:12)

மேடம் சொன்ன "இரண்டும் ஒன்றல்ல" என்பதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

ஒரு நோயாளி, விட்டுவிடாத காய்ச்சல், இதயத்தில் புதிதாக ஒரு முணுமுணுப்புச் சத்தம். இரண்டு முறை எடுத்த இரத்தத்திலும், எல்லாப் பாட்டிலிலும் ஸ்டஃபைலோகாக்கஸ். ஸ்லைட் வைத்தேன், மூன்று விநாடியில் தயிர் திரிந்தது போலத் திட்டுகள். ஆரியஸ் என்று போனில் சொல்லிவிட்டேன். முறைக்காக டியூபும் வைத்தேன். நாலு மணியில் இல்லை. மேசையில் வைத்தேன், மறுநாளும் இல்லை. பக்கத்தில் இருந்த ஆரியஸ் கன்ட்ரோல் ஒரு மணி நேரத்திலேயே கல் மாதிரி உறைந்திருந்தது, ஆக பிளாஸ்மாவில் குறையில்லை.

அப்போது எனக்கு வந்த முதல் எண்ணம் தப்பானது. "டியூப் நெகட்டிவ், அப்படியானால் தோல் வகை, கலப்பு" என்று திருத்தி எழுதப் போனேன். எங்கள் பிரிவுத் தலைவர் தடுத்து, பிஒய்ஆர் என்ற நிறமாற்ற டெஸ்ட் வைக்கச் சொன்னார். சிவப்பாக மாறியது. ஆரியஸ் அதில் நெகட்டிவ். ஆர்னிதின் டெஸ்ட்டும் பாசிட்டிவ். லக்டுனென்சிஸ் என்ற வேறொரு ஸ்டஃபைலோகாக்கஸ்.

அது கிளம்பிங் ஃபேக்டர் வைத்திருக்கிறது, கோஆகுலேஸை வெளியே விடுவதில்லை. அதனால் ஸ்லைடில் ஆரியஸ் போலவும் டியூபில் எபிடெர்மிடிஸ் போலவும் தெரியும். ஆனால் இதய வால்வில் உட்கார்ந்தால் ஆரியஸ் செய்யும் அழிவையே செய்யும். அந்த நோயாளிக்கு எக்கோவில் வால்வில் திட்டு இருந்தது. "கோஆகுலேஸ் நெகட்டிவ், கலப்பாக இருக்கலாம்" என்று நான் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கிராம்பாசிட்டிவ் (செவ்வாய், மதியம் 1:30)

ஸ்லைட் செல்லாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அது தெரியாமல்தான் சொன்னேன். ஸ்டஃபைலோகைனேஸ் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் நடைமுறையில் இவ்வளவு முழுசாகக் கரையும் என்று நினைக்கவில்லை.

அப்படியென்றால் விஷயம் சுலபம்தானே. ஸ்லைடை நம்ப வேண்டாம், டியூப் மட்டும் போதும். டியூப் பாசிட்டிவ் என்றால் ஆரியஸ். கோஆகுலேஸ்தான் அந்தக் கிருமியின் ஆயுதம், அது இருந்தால் ஆபத்து, இல்லையென்றால் இல்லை.

மாட்டுத்தொழுவம் (செவ்வாய், மாலை 4:05)

கால்நடைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. டியூப் பாசிட்டிவ் எல்லாம் ஆரியஸ் இல்லை. நாய்களிடம் நாங்கள் தினமும் பார்ப்பது சூடின்டர்மீடியஸ். டியூபில் நன்றாகவே உறைய வைக்கும், ஸ்லைடில் பெரும்பாலும் ஒட்டாது. லக்டுனென்சிஸுக்கு நேர்மாறு. நாய் கடித்த புண்ணிலிருந்தோ, நாய் வளர்ப்பவரின் புண்ணிலிருந்தோ வந்தால் அதையும் யோசியுங்கள். இதற்கும் பிஒய்ஆர் பாசிட்டிவ் வரும், ஆரியஸிலிருந்து பிரிக்க அது உதவும்.

பழைய மைக்ராஸ்கோப் (செவ்வாய், மாலை 5:20)

தம்பி, "ஆயுதம்" என்று சொன்னதில் பாதி சரி. ஆரியஸ் தன்னைச் சுற்றி ஃபைப்ரின் மதில் கட்டிக்கொள்வதற்கு கோஆகுலேஸ் உதவுகிறது. சீழ்க்கட்டியின் நடுவில் கிருமிக் கூட்டமும் அதைச் சுற்றி ஃபைப்ரினும் இருக்கும், வெள்ளணுக்கள் அதற்கு வெளியே நிற்கும். ஆனால் ஆரியஸின் ஆபத்து அந்த ஒன்றில் இல்லை. செல்களைத் துளைக்கும் நச்சுகள், ஆன்டிபாடியைத் தலைகீழாகப் பிடிக்கும் புரோட்டீன் ஏ என்று அதனிடம் நிறைய இருக்கிறது. கோஆகுலேஸ் அந்தக் கூட்டத்தில் நாம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள். ஒருவர் வந்திருந்தால் மற்றவர்களும் வந்திருப்பார்கள் என்று ஊகிக்கிறோம். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. லக்டுனென்சிஸில் ஊகம் தப்புகிறது.

1884இல் ரோசன்பாக் இந்தக் குடும்பத்தை நிறத்தை வைத்துத்தான் பிரித்தார், பொன்னிறம் ஆரியஸ், வெள்ளை ஆல்பஸ் என்று. வெள்ளையாக வளரும் ஆரியஸும் உண்டு என்பதால் அது நிலைக்கவில்லை. 1903இல் லோப் என்பவர் ஸ்டஃபைலோகாக்கஸ் பிளாஸ்மாவை உறைய வைப்பதைக் கவனித்தார். நிறத்தைவிட இது நல்ல பிரிகோடு. ஆனால் கோடு எங்கே போகிறது என்று தெரிந்துதான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று. கோஆகுலேஸ் பாசிட்டிவ் என்பது மருந்துக்கு அடங்காதது என்று பொருளல்ல. அதற்கு செஃபாக்சிடின் டிஸ்க் தனியாக வைக்க வேண்டும். வளர்தட்டு, உங்கள் மாதிரிக்கு அது வைத்தார்களா?

வளர்தட்டு (செவ்வாய், மாலை 5:52)

வைக்கவில்லை. கலப்பு என்று முடிவு செய்ததால் மருந்து டெஸ்ட் எதுவும் போடவில்லை.

வளர்தட்டு (வியாழன், காலை 9:40)

திரும்ப வைத்தேன். சீனியர் அனுமதித்தார், கூடவே நின்றும் பார்த்தார். நடந்தது அப்படியே:

பிராத்திலிருந்து இழுத்த தட்டில் ஒரே வகைக் காலனிதான், கலப்பு இல்லை. பிளட் அகாரிலிருந்து எடுத்துப் புதிய ஸ்லைட். சலைனில் சீராகக் கரைந்தது. பிளாஸ்மா விட்டதும் ஐந்தாறு விநாடியில் திட்டுகள், அதுவும் மங்கலாக இல்லை, மேசையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

பக்கத்துப் பிரிவில் ஈடிடிஏ முயல் பிளாஸ்மா ஒரு குப்பி கிடைத்தது. புதன் காலை 8:30க்கு மூன்று குழாய்: ஆரியஸ் ஏடிசிசி 25923, எபிடெர்மிடிஸ் ஏடிசிசி 12228, நம் மாதிரி. கூடவே பழைய சிட்ரேட் மனிதப் பிளாஸ்மாவில் நம் மாதிரியை இரண்டு குழாய்களில் வைத்தேன்.

9:30க்கு ஆரியஸ் கன்ட்ரோல் உறைந்துவிட்டது, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. நம் மாதிரி முயல் பிளாஸ்மாவில் நூல் நூலாக ஓடியது. சீனியர் குழாயைத் தட்டிப் பார்க்கக் கை நீட்டினார், பாதி உறைந்த கட்டியைக் குலுக்கினால் உடைந்துவிடும், திரும்பச் சேராது என்று இங்கே எங்கோ படித்தது ஞாபகம் வந்து, சாய்த்து மட்டும் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். 10:30க்கு அதுவும் முழுக் கட்டி. மனிதப் பிளாஸ்மாக் குழாய்கள் இரண்டும் 12 மணிக்கு மேல்தான் உறைந்தன. எபிடெர்மிடிஸ் கடைசி வரை தண்ணீர்தான்.

12:30க்கு மனிதப் பிளாஸ்மாக் குழாய்களில் ஒன்றை மேசையில் வைத்தேன், இன்னொன்றை 37 டிகிரியிலேயே விட்டேன். இன்று காலை மேசையில் இருந்தது கட்டியாகவே இருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் நீர் விட்டிருக்கிறது. 37இல் இருந்தது தண்ணீர். சாய்த்தால் கண்ணாடியில் ஒரு மெல்லிய ஜவ்வு மட்டும் ஒட்டி வந்தது. அது இருந்திருக்காவிட்டால் நேற்று அங்கே கட்டி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சீனியர் கொஞ்ச நேரம் இரண்டு குழாயையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிஒய்ஆரும் வைத்தோம், நெகட்டிவ். ஆரியஸ் என்று திருத்திய ரிப்போர்ட் போய்விட்டது, வார்டுக்கு போனிலும் சொல்லிவிட்டார். செஃபாக்சிடின் டிஸ்க் இன்று போட்டிருக்கிறோம், நாளை தெரியும்.

கிராம்பாசிட்டிவ் (வியாழன், காலை 11:15)

நன்றாகச் செய்திருக்கிறாய். முன்பு நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு இன்னும் நிற்கிறது. நாலு மணிக்குப் பிறகு எல்லாக் குழாயையும் மேசைக்கு மாற்றினால் மெதுவாக உறைய வைக்கும் ஸ்ட்ரெய்ன் அங்கே குளிர்ந்து நின்றுவிடாதா? எங்கள் லேபில் காலையில் மட்டும் பாசிட்டிவ் ஆன குழாய்களை நானே பார்த்திருக்கிறேன். அவை 37இல் இருந்தவை.

ராத்திரி டூட்டி (வியாழன், மதியம் 12:40)

எங்களிடம் நாலு மணி வரை நெகட்டிவாக இருந்தால் இரண்டு குழாயாக வைப்போம், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பிளாஸ்மா இரட்டிப்பாகச் செலவாகிறது என்று திட்டு விழும். ஆனால் எதையும் தவறவிட்டதில்லை.

பழைய மைக்ராஸ்கோப் (வியாழன், மதியம் 2:25)

நான் மேசைக்கு மாற்றுகிற பக்கம். நாலு மணியில் கட்டி வராமல் மறுநாள் காலையில் மட்டும் லேசாக உறைந்த குழாயைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும், அதிலும் சிட்ரேட் பிளாஸ்மா என்றால். அதை பாசிட்டிவ் என்று எழுதுவதற்கு முன் வேறொரு முறையில் உறுதி செய்வேன். ஆனால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இதில் லேபுக்கு லேப் பழக்கம் வேறு. இரண்டு குழாய் வைக்க வசதி இருந்தால் சண்டையே இல்லை. மால்டி கருவி உள்ள இடங்களில் நிமிஷக் கணக்கில் இனம் தெரிந்துவிடுகிறது, இந்தக் கேள்வியே எழுவதில்லை. எல்லோரிடமும் அது இல்லையே.

வாசல்திண்ணை (வியாழன், மாலை 6:00)

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். வளர்ந்த பாட்டில் குழாயிலிருந்து எடுத்ததாம். நேற்று கையிலிருந்தும் குழாயிலிருந்தும் மறுபடி எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை.

வளர்தட்டு (வியாழன், மாலை 6:35)

ஐயா, அம்மாவுக்குச் சீக்கிரம் நல்லது நடக்க வேண்டும்.

மேடம், இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் ரெஜிஸ்டரைப் பின்னால் புரட்டினேன். டியூப் ரீடிங் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, எல்லாமே காலையில் எழுதியது. இந்த மூன்று மாதத்தில் சீழிலிருந்து வந்து "கோஆகுலேஸ் நெகட்டிவ்" என்று போனவை பதினொன்று. அவற்றில் எத்தனை நாலு மணியில் உறைந்து ராத்திரியில் கரைந்தவை?

பழைய மைக்ராஸ்கோப் (வியாழன், இரவு 7:10)

ரெஜிஸ்டரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கிருமி கையில் இருந்தால்தான் தெரியும். யாராவது ஸ்லோப்பிலோ ஃப்ரீசரிலோ எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேள். இருந்தால் முதலில் பிளட் அகாரில் புதிதாக வளர்த்துக்கொள், நேராக அதிலிருந்து வைக்காதே. ரெஜிஸ்டரில் ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி, மறுநாள் என்று நான்கு கட்டம் போடச் சொல்லிக் கேட்டுப் பார். எது நெகட்டிவ், எது யாரும் பார்க்காதது என்பது அப்போதுதான் தெரியும்.

வளர்தட்டு (வியாழன், இரவு 8:55)

கேட்டேன். மூன்று ஸ்லோப்கள் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன, மீதி எட்டும் போய்விட்டன. மூன்றையும் இப்போதுதான் பிளட் அகாரில் கோடு இழுத்துவிட்டு வந்தேன். நாளை பிராத்துக்கு மாற்றி, சனிக்கிழமை காலை 8 மணிக்குக் குழாய் வைக்கிறேன். நாலாவது மணி ரீடிங் 12 மணிக்கு வரும், அப்போது என் டூட்டிதான்.

செஃபாக்சிடின் வட்டத்தை நாளைக் காலை அளந்ததும் எழுதுகிறேன்.